பூசலார் கட்டிய கோயில்

காணொளி எழுத்து. ஓடும் நேரம் மூன்றரை நிமிடம். மூலம்: குருபூசையன்று ஐயா ஆற்றிய ஒரு மணி நேரச் சொற்பொழிவு. துணையெழுத்து: ஆங்கிலம், பிரெஞ்சு, நார்வேஜியன்.

எடிட் செய்பவருக்கு: ஐயா இடையிடையே பாடியவற்றையும் கிளைக்கதைகளையும் எடுத்துவிட்டேன். மனமில்லாமல்தான். "இன்னிக்கு சாயங்காலம்", "நம்ம ஊர் கோயில்ல" என்று அவர் சொன்ன இடங்களும் போயாயிற்று. பார்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்; ஒரு வீட்டில் காலை என்றால் இன்னொரு வீட்டில் நடுநிசி. கோயில் கட்டும் பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம். நேரம் போதவில்லையென்றால் அரசர் வரும் பகுதியைக் குறையுங்கள்.

காட்சி 1
(வெள்ளைத்தாள். ஒரு கை கோடு போடத் தொடங்குகிறது.)
குரல்: கையில் காசே இல்லாமல் ஒருவர் கோயில் கட்டினார். அதைப் பார்க்க ஒரு ராஜாவே கிளம்பி வந்தார். வந்து பார்த்தால், கோயிலைக் காணோம்!

காட்சி 2
(வரைபடம். சென்னையிலிருந்து மேற்கே நகர்ந்து திருநின்றவூரில் நிற்கிறது.)
குரல்: அவர் பெயர் பூசலார். ஊர் திருநின்றவூர். சேக்கிழார் பெரியபுராணத்தில் போற்றும் 63 நாயன்மார்களில் ஒருவர். சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. எங்கெங்கோ அலைந்து பணம் தேடினார். கிடைக்கவில்லை. சரி, மனசுக்குள்ளேயே கட்டிவிடுவோம் என்று உட்கார்ந்தார்.

காட்சி 3
(குரல் சொல்லச் சொல்லத் தாளில் ஒவ்வொன்றாக எழும்புகிறது. அவசரம் கூடாது.)
குரல்: மனசுக்குள் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணை மூடித் திறந்தால் முடிந்துவிடும், இல்லையா? பூசலார் அப்படிச் செய்யவில்லை. கல், மரம் எல்லாவற்றையும் நினைவிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். தச்சர்களைத் தேடிப் பிடித்தார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். இரவிலும் தூங்காமல் வேலை நடந்தது. வரிசை வரிசையாகச் சுவர் ஏறியது. சிகரத்துக்கு முழக்கணக்கில் அளவு. அதன்மேல் தூபி. பிறகு சுண்ணாம்புச் சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் எழுப்பி, குளமும் தோண்டினார். பல நாள் ஆயிற்று.

(இங்கே ஐயாவின் சொந்தக் குரல், மேடைப் பதிவிலிருந்து. சபை சிரிப்பதையும் விடுங்கள்.)
ஐயா: மனசுல கட்டுற கோயிலுக்குக் கிணறு எதுக்குங்க? அபிஷேகத்துக்குத் தண்ணி வேணும்ல! அதக்கூட மறக்கல மனுஷன்.

காட்சி 4
(காஞ்சி கைலாசநாதர் கோயில், நிழற்படங்கள். திரையில்: 8ஆம் நூற்றாண்டு.)
குரல்: அதே சமயம் காஞ்சியில் பல்லவ அரசர் பெரிய கற்கோயில் ஒன்றைக் கட்டி முடித்திருந்தார். அதில் இறைவனை எழுந்தருளச் செய்ய நாள் குறித்தார். பூசலார் குறித்ததும் அதே நாள்! முதல் நாள் இரவு அரசரின் கனவில் சிவபெருமான் வந்தார். "நாளை நான் திருநின்றவூர்ப் பூசலார் கோயிலுக்குப் போகிறேன். உன் விழாவை இன்னொரு நாள் வைத்துக்கொள்" என்றார்.

(குறிப்பு: பெரியபுராணம் அரசரைக் "காடவர் கோமான்", அதாவது பல்லவ மன்னர், என்று மட்டுமே சொல்கிறது. ராஜசிம்மன் என்பது பின்னால் வந்தவர்கள் பொருத்திப் பார்த்தது. ஆகவே குரலில் பெயர் வேண்டாம்.)

காட்சி 5
(தூசி பறக்கும் குதிரைகள்.)
குரல்: அரசர் திருநின்றவூர் வந்தார். "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று கேட்டார். "அவர் இங்கே கோயில் எதுவும் கட்டவில்லையே" என்றார்கள் ஊரார். அரசர் பூசலாரையே தேடிப் போனார். கனவைக் கேட்ட பூசலார் திகைத்துப்போனார். "என்னையும் ஒரு பொருளாக எண்ணினாரா?" என்று உருகி, தம் மனக்கோயிலைப் பற்றிச் சொன்னார். அரசர் தரையில் விழுந்து வணங்கினார்.
(திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயிலின் படம்.)
குரல்: பூசலார் தாம் குறித்த நல்வேளையிலேயே இறைவனைத் தம் கோயிலில் எழுந்தருளச் செய்தார். அந்த ஊரில் இன்று அவர் நினைவைச் சொல்லும் கோயில் இருக்கிறது.

காட்சி 6
(மீண்டும் வெள்ளைத்தாள்.)
குரல்: இப்போது உங்கள் முறை. கோயில் இல்லாத ஊரில் இருக்கிறீர்களா? பரவாயில்லை, எல்லோரும் கண்ணை மூடுங்கள். முதலில் எதைக் கட்டப் போகிறீர்கள்? தம்பிக்கு யானை வேண்டுமென்றால் யானைக்கும் இடம் விடுங்கள். தாத்தா பாட்டி வேறு நாட்டில் இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள்: சின்ன வயதில் நீங்கள் போன கோயிலில் குளம் எந்தப் பக்கம் இருந்தது?

(இதன்பின் 15 விநாடி யாரும் பேச வேண்டாம், பிள்ளைகள் பதில் சொல்லும் நேரம் அது. ஒலி நின்றுவிட்டது என்று நினைத்து மூடிவிடாமலிருக்க, ஓரத்தில் விநாடி எண் குறைந்துகொண்டே வரட்டும்.)