நம்ம குமரி மாவட்டம், எட்டுக் கேள்வி

மக்களே, இது பரீட்சை இல்லை. நாலாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை யாரும் சேரலாம், மூன்று பேர் ஓர் அணி. விடைக்கு ஒரு மதிப்பெண், காரணமும் சொன்னால் இரண்டு. தப்பாகச் சொன்னால் குறைக்க மாட்டோம், அதனால் வாய் திறங்கள்.

1. வள்ளுவர் சிலை 133 அடி. ஏன் என்பது உங்களுக்கே தெரியும், அதற்கு மதிப்பெண் கிடையாது. பீடம் மட்டும் 38 அடி இருக்கிறதே, அது ஏன்?

2. மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கட்டியது எதைக் கொண்டுபோக? ஆட்கள், தண்ணீர், ரயில்?

3. நமக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. இரண்டுக்கும் பெயர் என்ன?

4. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்னே தோட்டத்துக்குப் போவது ஏன்? "வெயில் அடிக்கும்" என்றால் அரை மதிப்பெண்தான். மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள்.

5. பத்மநாபபுரம் அரண்மனை தக்கலை பக்கத்தில், நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதைப் பராமரிப்பது எந்த மாநில அரசு?

6. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் படையிடம் தோற்றது யார்? போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர்?

7. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இத்தனை காற்றாலை ஏன்?

8. சித்ரா பௌர்ணமி அன்று சாயங்காலம் கன்னியாகுமரியில் கூட்டம் கூடுவது எதைப் பார்க்க?

விடைகள் (வினா கேட்கிறவர் கையில் மட்டும்)

1. அறத்துப்பாலில் 38 அதிகாரம். மேலே நிற்கும் சிலை 95 அடி, அது பொருளும் இன்பமும் சேர்ந்து 70 + 25. இந்தக் கூட்டலைப் பிள்ளைகளே போட்டால் கூடுதலாக ஒன்று கொடுங்கள்.

2. தண்ணீர். மேலே ஓடுவது பாசனக் கால்வாய், நாம் நடப்பது அதன் ஓரத்தில்.

3. தென்மேற்கு, வடகிழக்கு.

4. ராத்திரி இலை வழியாகத் தண்ணீர் அதிகம் போகாது, அதனால் பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், வெட்டினதும் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும், பாலும் குறையும். பால்வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை வேறு விதமாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது நிறைய.

5. கேரளா. அது திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய அரண்மனை.

6. டச்சுக்காரர். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தார், கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.

7. மலைகளுக்கு நடுவே கணவாய். அகலமாக வரும் காற்று அந்த இடுக்கில் நுழையும்போது வேகம் பிடிக்கும்.

8. ஒரு பக்கம் சூரியன் மறையும், அதே நேரம் எதிர்ப்பக்கம் நிலா உதிக்கும். பௌர்ணமியில் பூமிக்கு இருபுறமும் அவை எதிரெதிராக இருப்பதுதான் காரணம்.

இரண்டு அணி சமமாக வந்தால் இதைக் கேளுங்கள்: குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த தேதி? 1956 நவம்பர் 1. வருடம் மட்டும் சொன்னாலும் ஜெயிப்புதான்.