செய்முறை அட்டைகள்: பிசிஆர், ஜெல் எலக்ட்ரோபோரசிஸ், குளோனிங்

இந்த மூன்று அட்டைகளும் முதலாம் ஆண்டு முதுநிலை மாணவர்களின் ஒரே தொடர் பயிற்சிக்காக எழுதப்பட்டவை. கனாமைசின் எதிர்ப்புடைய ஒரு பிளாஸ்மிடிலிருந்து 720 கார இணைகள் கொண்ட மரபணுத் துண்டைப் பெருக்கி, அதன் அளவை ஜெல்லில் சரிபார்த்து, பியூசி19 பிளாஸ்மிடில் சேர்ப்பதே வேலை. ஒவ்வொரு கரைசலுக்கும் அளவோடு அதன் பணியும் தரப்பட்டுள்ளது. பிழை நேர்ந்தால் எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லப்போவது அந்தப் பணிதான் என்பதால், அளவை மட்டும் பார்த்துவிட்டு மேலே செல்ல வேண்டாம்.

அட்டை 1: பிசிஆர்

நோக்கம்: வார்ப்புரு டிஎன்ஏவில் இரு பிரைமர்களுக்கு இடைப்பட்ட பகுதியை மட்டும் கோடிக்கணக்கான பிரதிகளாகப் பெருக்குதல். அத்துடன் துண்டின் இரு முனைகளிலும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதி வெட்டும் தளங்களைச் சேர்த்தல்.

கலவை (மொத்தம் 50 மைக்ரோலிட்டர்):

- பத்து மடங்குச் செறிவுள்ள பஃபர், 5 மைக்ரோலிட்டர். நொதிக்குத் தேவையான கார அமிலநிலையையும் உப்பையும் இது தருகிறது. இதில் ஏற்கெனவே மெக்னீசியம் குளோரைடு இருப்பதால், வினையில் அதன் இறுதிச் செறிவு 1.5 மில்லிமோலாராக அமையும். மெக்னீசியம் இல்லாமல் பாலிமரேஸ் இயங்காது. மிகுந்தால் பிரைமர்கள் பொருந்தாத இடங்களிலும் ஒட்டி, வேண்டாத பட்டைகள் தோன்றும்.
- நான்கு நியூக்ளியோடைடுகளின் கலவை (ஒவ்வொன்றும் 10 மில்லிமோலார்), 1 மைக்ரோலிட்டர். புதிய இழைக்கான கட்டுமானப் பொருள் இதுவே.
- முன்னோக்கு, பின்னோக்கு பிரைமர்கள் (10 மைக்ரோமோலார்), தலா 1 மைக்ரோலிட்டர். பெருக்கம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை இவை தீர்மானிக்கின்றன.
- வார்ப்புரு பிளாஸ்மிட் (மைக்ரோலிட்டருக்கு 10 நானோகிராம்), 1 மைக்ரோலிட்டர்.
- டாக் பாலிமரேஸ் (மைக்ரோலிட்டருக்கு 5 அலகுகள்), 0.25 மைக்ரோலிட்டர்.
- நியூக்ளியேஸ் அற்ற நீர், 40.75 மைக்ரோலிட்டர்.

முன்னோக்கு பிரைமரின் 5' முனையில் ஈகோ ஆர் 1 தளமும் (GAATTC), பின்னோக்கு பிரைமரில் ஹிண்ட் 3 தளமும் (AAGCTT) உள்ளன. தளத்துக்கு வெளியே மேலும் நான்கைந்து காரங்கள் இருப்பதைக் கவனிக்கவும். டிஎன்ஏவின் கடைசி விளிம்பில் இந்த நொதிகளால் சரியாகப் பற்றி வெட்ட முடியாது. அவற்றுக்குப் பிடிமானம் தருவதற்காகவே அந்த உபரிக் காரங்கள். பிணைப்பு வெப்பநிலையைக் கணக்கிடும்போது மரபணுவோடு பொருந்தும் பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் முதல் சுழற்சிகளில் வார்ப்புருவைப் பற்றிக்கொள்வது அந்தப் பகுதிதான்.

படிகள்:

1. எல்லாக் கரைசல்களையும் பனிக்கட்டியின் மேல் உருகவிட்டு, மெல்லச் சுழற்றிக் கலக்கவும். நொதியை மட்டும் கடைசி நிமிடத்தில் உறைபெட்டியிலிருந்து எடுக்கவும்.
2. வார்ப்புரு நீங்கலாக மற்ற அனைத்தையும், தேவையான குழாய்களின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகக் கணக்கிட்டு, ஒரே கலவையாகத் தயாரித்துப் பிரித்து ஊற்றவும். 0.25 மைக்ரோலிட்டரை ஒவ்வொரு குழாயிலும் தனித்தனியாகத் துல்லியமாக அளக்க எவராலும் இயலாது.
3. ஒரு குழாயில் வார்ப்புருவுக்குப் பதிலாக நீரைச் சேர்க்கவும். இந்தக் கட்டுப்பாட்டுக் குழாயில் பட்டை தெரிந்தால் கரைசல்களில் எதிலோ டிஎன்ஏ கலந்திருக்கிறது என்று பொருள். அன்றைய மற்றக் குழாய்களின் முடிவையும் நம்ப முடியாது.
4. கருவியில் பின்வரும் நிரலை அமைக்கவும். 95 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம்; பின்னர் 95 டிகிரியில் 30 நொடி (இழைகள் பிரிதல்), 56 டிகிரியில் 30 நொடி (பிரைமர்கள் ஒட்டுதல்), 72 டிகிரியில் 45 நொடி (இழை நீளுதல்) என 30 சுழற்சிகள்; இறுதியில் 72 டிகிரியில் 5 நிமிடம். நீட்சிக்கு ஆயிரம் கார இணைகளுக்கு ஒரு நிமிடம் என்பது டாக் நொதிக்கான வழக்கமான கணக்கு.

95 டிகிரி வெப்பத்தை ஒவ்வொரு சுழற்சியிலும் இந்த நொதி தாங்குவது, அது வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்குவாடிக்கஸ் பாக்டீரியாவுக்குரியது என்பதால்தான். கேரி முல்லிஸ் 1983இல் இம்முறையைக் கருக்கொண்ட பின், தொடக்க காலத்தில் பயன்பட்ட நொதி வெப்பத்தில் அழிந்ததால், ஒவ்வொரு சுழற்சிக்கும் புதிதாக நொதி சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் டாக் நொதிக்குப் பிழை திருத்தும் திறன் இல்லை. இறுதியில் கிடைக்கும் குளோனின் வரிசையைப் படித்துச் சரிபார்ப்பதால் இந்தப் பயிற்சிக்கு அது போதும். புரதத்தை உற்பத்தி செய்வது நோக்கமாக இருந்தால், பிழை திருத்தும் பாலிமரேஸையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அட்டை 2: அகரோஸ் ஜெல் எலக்ட்ரோபோரசிஸ்

நோக்கம்: டிஎன்ஏ துண்டுகளை நீளத்தின் அடிப்படையில் பிரித்து, எதிர்பார்த்த அளவில் ஒரே பட்டை கிடைத்திருக்கிறதா என்று பார்த்தல்.

அகரோஸ் 0.5 கிராமை 50 மில்லிலிட்டர் டிஏஇ பஃபரில் உருக்கினால் ஒரு விழுக்காட்டு ஜெல் கிடைக்கும். பஃபரில் உள்ள டிரிஸும் (40 மில்லிமோலார்) அசிட்டிக் அமிலமும் (20 மில்லிமோலார்) மின்னோட்டத்தைக் கடத்திக் கார அமிலநிலையைக் காக்கின்றன. இடிடிஏ (1 மில்லிமோலார்) மெக்னீசியத்தைப் பற்றிக்கொள்வதால் டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதிகள் செயலிழக்கின்றன. பிசிஆரில் விரும்பிச் சேர்த்த மெக்னீசியத்தை இங்கே விரும்பி முடக்குகிறோம். 50 மடங்குச் செறிவுக் கரைசல் 10 மில்லிலிட்டரோடு 490 மில்லிலிட்டர் நீர் சேர்த்தால், ஜெல்லுக்கும் தொட்டிக்குமான பஃபர் தயார். ஜெல்லுக்கும் தொட்டிக்கும் ஒரே கலவையைத்தான் பயன்படுத்த வேண்டும். மறதியாகத் தொட்டியில் வெறும் நீரை நிரப்பினால் டிஎன்ஏ நகரவே நகராது.

உருக்கிய அகரோஸ் கையால் தொட்டுப் பிடிக்கும் அளவுக்கு ஆறியதும், எத்திடியம் புரோமைடு (மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம்) 2.5 மைக்ரோலிட்டர் சேர்க்கவும். இது கார இணைகளுக்கிடையே நுழைந்து, புற ஊதா ஒளியில் ஆரஞ்சு நிறமாக ஒளிரும். டிஎன்ஏவுக்குள் நுழைவதால்தான் இது மரபணு மாற்றத்தை விளைவிக்கும் பொருளாகவும் கருதப்படுகிறது. கையுறை கட்டாயம், அதே கையுறையோடு கதவுப் பிடியையோ குறிப்பேட்டையோ தொடக் கூடாது.

ஜெல் கெட்டியானதும் சீப்பை நேராக மேலே எடுத்து, ஜெல் மூழ்கும்வரை பஃபர் ஊற்றவும். மாதிரி 5 மைக்ரோலிட்டரோடு, ஆறு மடங்குச் செறிவுள்ள ஏற்றுச் சாயம் 1 மைக்ரோலிட்டர் கலந்து குழிகளில் இடவும். சாயத்திலுள்ள கிளிசரால் மாதிரியைக் குழியின் அடியில் அமர்த்துகிறது. நீல நிறத்தின் வேலை ஓட்டத்தின் தூரத்தைக் காட்டுவது மட்டுமே. அளவு தெரிந்த துண்டுகளின் ஏணியை ஒரு குழியிலும், நீர்க் கட்டுப்பாட்டு மாதிரியை மற்றொரு குழியிலும் இட மறவாதீர்.

டிஎன்ஏவின் பாஸ்பேட்டுகள் எதிர்மின்னேற்றம் உடையவை என்பதால் அது நேர்மின்முனையை நோக்கி நகரும். எனவே குழிகள் கறுப்புக் கம்பியின் பக்கம் இருக்க வேண்டும். மின்முனைகளுக்கு இடையே சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் என்ற கணக்கில், 16 சென்டிமீட்டர் இடைவெளிக்கு 80 வோல்ட் அமைத்து, சுமார் 45 நிமிடம் ஓடவிடவும். அவசரப்பட்டு வோல்டை ஏற்றினால் ஜெல் சூடாகிப் பட்டைகள் வளைந்து சிரிப்பதுபோல் தெரியும்.

முடிவை வாசிக்கும்போது, 720 அளவில் கூர்மையான ஒரு பட்டை தெரிய வேண்டும். நூறு கார இணைகளுக்குக் கீழே மங்கலாகத் தெரிவது பெரும்பாலும் பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிய துண்டுகளே. வெட்டப்படாத பிளாஸ்மிட் முறுக்கேறிய வடிவில் விரைவாக ஓடும். அதன் அளவை ஏணியோடு ஒப்பிடுவது தவறான முடிவைத் தரும்.

அட்டை 3: குளோனிங்

நோக்கம்: பெருக்கிய துண்டைப் பியூசி19 பிளாஸ்மிடில் (2686 கார இணைகள்) இணைத்து, டிஹெச்5 ஆல்ஃபா ஈ. கோலை செல்களுக்குள் செலுத்தி, சரியான குளோனைத் தேர்ந்தெடுத்தல்.

முதல் கட்டம், வெட்டுதல். பிசிஆர் விளைபொருளை முதலில் தூய்மிப்புத் தம்பத்தில் சுத்தம் செய்யவும். பாலிமரேஸும் நியூக்ளியோடைடுகளும் எஞ்சியிருந்தால், நொதி வெட்டி உருவாக்கும் ஒட்டும் முனைகளை அவை நிரப்பி மொட்டையாக்கிவிடும். பின்னர் பிளாஸ்மிடையும் துண்டையும் தனித்தனிக் குழாய்களில் 20 மைக்ரோலிட்டராக அமைக்கவும்: டிஎன்ஏ 1 மைக்ரோகிராம், பத்து மடங்கு பஃபர் 2 மைக்ரோலிட்டர், ஈகோ ஆர் 1, ஹிண்ட் 3 தலா 1 மைக்ரோலிட்டர், மீதி நீர். இரு நொதிகளும் நன்கு வேலை செய்யும் பஃபரைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும். நொதிகள் கிளிசராலில் கரைந்திருப்பதால், அவற்றின் மொத்த அளவு வினையின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஈகோ ஆர் 1 தன் தளத்தை ஒத்த மற்ற இடங்களிலும் வெட்டத் தொடங்கும். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்த பின், 80 டிகிரியில் 20 நிமிடம் வைத்து நொதிகளைச் செயலிழக்கச் செய்யவும். ஈகோ ஆர் 1 மட்டுமாயின் 65 டிகிரியே போதும். ஹிண்ட் 3க்குத்தான் இந்தக் கூடுதல் வெப்பம். பிறகு இரண்டையும் மீண்டும் தூய்மிக்கவும், பிளாஸ்மிடிலிருந்து வெட்டுண்ட சிறு துண்டு அப்போதுதான் நீங்கும்.

இரு வேறு நொதிகளைப் பயன்படுத்துவதற்கு இரண்டு காரணங்கள். பிளாஸ்மிடின் முனைகள் ஒன்றோடொன்று பொருந்தாததால் அது தானாக மூடிக்கொள்ள இயலாது. துண்டும் ஒரே திசையில்தான் நுழைய முடியும்.

இரண்டாம் கட்டம், இணைத்தல். துண்டும் பிளாஸ்மிடும் எண்ணிக்கையில் மூன்றுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். எடையில் 50 நானோகிராம் பிளாஸ்மிடுக்கு 50 × 720 ÷ 2686 × 3, அதாவது ஏறத்தாழ 40 நானோகிராம் துண்டு தேவை. பத்து மடங்கு லிகேஸ் பஃபர் 2 மைக்ரோலிட்டர், டி4 டிஎன்ஏ லிகேஸ் 1 மைக்ரோலிட்டர் சேர்த்து, நீரால் 20 மைக்ரோலிட்டராக்கி, 16 டிகிரியில் இரவு முழுவதும் வைக்கவும். லிகேஸ் பிணைப்பை உருவாக்கச் செலவிடும் ஏடிபி அந்தப் பஃபரில்தான் இருக்கிறது. பலமுறை உருக்கி உறையவைத்தால் அது சிதைந்துவிடும். இந்த ஆய்வகத்தில் தோற்ற இணைப்புகளில் நான் கண்டவரை, நொதியைவிடப் பழைய பஃபரே பெரும்பாலும் குற்றவாளி. ஆகவே பஃபரைச் சிறு குழாய்களாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒன்றை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

மூன்றாம் கட்டம், செல்லுக்குள் செலுத்துதல்.

1. ஏற்புத்திறன் ஊட்டப்பட்ட செல்கள் 50 மைக்ரோலிட்டரைப் பனிக்கட்டியில் உருக்கி, இணைப்புக் கலவை 5 மைக்ரோலிட்டர் சேர்த்து 30 நிமிடம் அசைக்காமல் வைக்கவும்.
2. 42 டிகிரி நீரில் சரியாக 45 நொடி வைத்து, உடனே 2 நிமிடம் பனிக்கட்டிக்கு மாற்றவும். இந்த வெப்ப அதிர்ச்சியில்தான் டிஎன்ஏ உள்ளே செல்கிறது. நேரம் கூடினால் செல்கள் இறக்கும்.
3. 950 மைக்ரோலிட்டர் எஸ்ஓசி ஊடகம் சேர்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்கவும். ஆம்பிசிலினைச் சந்திக்கும் முன் எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கிக்கொள்ளச் செல்லுக்கு இந்த இடைவேளை தேவை.
4. ஆம்பிசிலின் (மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம்), ஐபிடிஜி, எக்ஸ்-கால் கொண்ட தட்டில் 100 மைக்ரோலிட்டர் பரப்பி, 37 டிகிரியில் 16 மணி நேரம் வளர்க்கவும். அதற்கு மேல் விட்டால், எதிர்ப்புடைய செல்கள் வெளியிடும் நொதி சுற்றுப்புற ஆம்பிசிலினை அழிப்பதால், பிளாஸ்மிட் இல்லாத குட்டிக் காலனிகள் முளைக்கும்.

ஐபிடிஜி லாக் மரபணுவை இயக்குகிறது. அதனால் உருவாகும் நொதி எக்ஸ்-காலைச் சிதைத்து நீல நிறம் தருகிறது. நம் துண்டு அந்த மரபணுவைக் குலைப்பதால் வெண் காலனி கிடைக்கிறது. பிசிஆரில் எஞ்சிய வார்ப்புரு பிளாஸ்மிட் செல்லுக்குள் போனாலும் அது கனாமைசின் எதிர்ப்பை மட்டுமே உடையது. இந்தத் தட்டில் வளராது. வார்ப்புருவை அப்படித் தேர்ந்தெடுத்தது தற்செயலல்ல.

கூடவே நான்கு கட்டுப்பாட்டுத் தட்டுகள் வேண்டும். டிஎன்ஏ சேர்க்காத செல்களின் தட்டில் காலனி வந்தால் ஆம்பிசிலின் செயலிழந்திருக்கிறது. வெட்டாத பியூசி19 தட்டில் காலனி வராவிட்டால் செல்களில் குறை. வெட்டிய பிளாஸ்மிட் மட்டும், லிகேஸ் இன்றி: இதில் காலனிகள் பல வந்தால் வெட்டு முழுமையடையவில்லை. அதே பிளாஸ்மிட் லிகேஸோடு, துண்டு இன்றி: இதில் மட்டும் கூடுதலாக வந்தால், ஒரே நொதியால் வெட்டப்பட்டவை மூடிக்கொண்டிருக்கின்றன.

நான்காம் கட்டம், சரிபார்த்தல். எட்டு வெண் காலனிகளைத் தேர்ந்தெடுத்துக் காலனி பிசிஆர் செய்யவும். இரு பிரைமர்களும் துண்டுக்குரியவையாக இருந்தால், தட்டின் மேல் சிந்திய இணைப்புக் கலவையே பொய்ப் பட்டை தந்துவிடும். ஆகவே ஒன்று பிளாஸ்மிடிலிருந்தும் மற்றொன்று துண்டிலிருந்தும் இருக்கட்டும். பட்டை தந்த காலனிகளிலிருந்து பிளாஸ்மிடைப் பிரித்து, அதே இரு நொதிகளால் வெட்டி ஜெல்லில் ஓட்டினால், ஏறத்தாழ 2,600க்கும் 700க்கும் அருகில் இரண்டு பட்டைகள் தெரியும். அந்தக் குளோன்களுள் இரண்டை மட்டும் வரிசை படிக்க அனுப்பி, மீதியை 15 விழுக்காடு கிளிசராலில் மைனஸ் 80 டிகிரி உறைநிலையில் சேமித்து, குழாயின் மேல் குளோன் எண்ணையும் தேதியையும் ஆல்கஹாலில் அழியாத மையால் எழுதவும்.