ஆடிப்பட்டம் தேடி

"ஆடிப்பட்டம் தேடி விதை"
என்றாள் அப்பாயி,
வைக்கோல் கோட்டையைக்
கயிற்றால் இறுக்கியபடி.

மேட்டூரில் மதகு திறக்கவில்லை.
கடைமடையில்
வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.
பதினெட்டாம் பெருக்கின்
காதோலை கருகமணி
அடிகுழாயின் அடியில்.

ஆவணி.
புரட்டாசி.
இரவில் கோட்டைக்குள் சலசலப்பு.
அப்பாயி எழுந்து காது வைத்தாள்.

ஆடிப்பட்டம் தேடி
விதை
நடக்கத் தொடங்கியிருந்தது.

*

இந்தக் கவிதையைத் திருத்துறைப்பூண்டியில் நண்பர்கள் நடுவே வாசித்தபோது, "பழமொழியையே திரும்பச் சொல்லி முடித்துவிட்டீர்களே" என்றார் ஒருவர். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை என்பது உண்மைதான். மாறியது இலக்கணம்.

பழமொழியில் 'விதை' ஏவல் வினை. கேட்பவன் உழவன், பருவம் பார்த்து அவன் விதைக்க வேண்டும். கடைசிப் பத்தியில் அதே சொல் பெயர்ச்சொல்லாகி எழுவாயாக நிற்கிறது. தேடுவது இப்போது நெல்மணியே. அந்தச் சொல்லைத் தனி வரியில் வைத்தது இதற்காகத்தான். 'விதை' என்று படிக்கும் நொடியில் அப்பாயியின் கட்டளைதான் காதில் விழும். 'நடக்க' என்று அடுத்த வரி வந்ததும் அது கைவிட்டுப் போகும். கட்டளையிட ஆள் இருக்கிறாள், கேட்டு நடக்கத்தான் ஆள் இல்லை.

'தேடி' என்ற சொல்லும் கனத்துவிடுகிறது. பழமொழியில் பட்டம் தவறாமல் வரும். கவனமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டால் போதும். இங்கே அது தொலைந்துபோன பொருள். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. 2017-இல் பாசனத்துக்குத் திறந்தது அக்டோபர் 2 அன்று, புரட்டாசியில். கவிதையில் மாதப் பெயர்கள் தனித்தனி வரியாக நிற்பது அந்தக் காத்திருப்பை அப்படியே எண்ணிக் காட்டத்தான்.

பழமொழி பொய்த்துவிட்டது என்று இதைப் படிக்க வேண்டாம். முன்னோர் சொன்னது சரியே. ஆற்றில் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை அதற்குள் சொல்லப்படாமலே இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு நண்பர், "விதை நடக்கிறது என்றால் முளைக்கிறது, நம்பிக்கைதானே?" என்று கேட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. கோட்டை என்பது விதைநெல்லைப் பொதிந்து வைக்கும் வைக்கோல் கட்டு. அதற்குள் நெல் முளைத்தால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். அந்த விதை பாழ். முளைக்க மண் கிடைக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்புகிறது என்றே நான் எழுதினேன். திருப்பூருக்கு பஸ் ஏறிய எங்கள் தெருப் பையன்கள்தான் எழுதும்போது கண்ணில் நின்றார்கள்.

வாய்விட்டுப் படிக்கும்போது 'தேடி' என்ற இடத்தில் மூச்சு விடுங்கள். 'விதை' என்பதில் குரலை இறக்கி முடித்துவிடாதீர்கள்; அங்கே இறக்கினால் பழைய கட்டளையாகவே நின்றுவிடும். 'சலசலப்பு' என்பதை மட்டும் சற்று மெதுவாக. அப்பாயி காது வைத்தது நெல்லின் சத்தத்துக்கா, தண்ணீரின் சத்தத்துக்கா என்று அவளுக்கே அந்த இருட்டில் தெரியாது.