எத்தனை பேருக்கு எத்தனை லிட்டர் குக்கர்?

எங்கள் பாம்பன் கடையில் இப்போது 2, 3, 5, 7.5, 10 லிட்டர் பிரஷர் குக்கர்களும், 1, 1.8 லிட்டர் கரண்ட் ரைஸ் குக்கர்களும் இருக்கின்றன. பிரஷர் குக்கர் எல்லாவற்றிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டு.

முதலில் ஒரு விஷயம். பிரஷர் குக்கரில் போட்டிருக்கும் லிட்டர், பாத்திரத்தின் முழுக் கொள்ளளவு. அரிசியும் தண்ணீரும் சேர்ந்து அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறக் கூடாது. பருப்பு, கடலை நுரைக்கும், அதனால் பாதியோடு நிறுத்துங்கள். போன மாதம் ஒரு அக்கா குக்கர் பழுது என்று தூக்கிக்கொண்டு வந்தார். விசில் வழியாகக் கஞ்சி அடித்து அடுப்பெல்லாம் வீணாகியிருந்தது. பார்த்தால், 3 லிட்டரில் ஆறு பேருக்குச் சோறு. குக்கர் நன்றாகத்தான் இருந்தது, அளவுதான் போதவில்லை.

ஆளுக்கு 200 மில்லி டம்ளரால் ஒரு டம்ளர் அரிசி என்று வையுங்கள். புழுங்கல் அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர். இந்தக் கணக்கில் 3 லிட்டர் இரண்டு பேருக்கு, சின்னப் பிள்ளை ஒன்று இருந்தாலும் சமாளிக்கும். 5 லிட்டர் நான்கு பேருக்கு. ஆறு பேர் என்றால் 7.5 லிட்டர். எட்டுப் பேர் கூட்டுக் குடும்பத்துக்கு 10. 2 லிட்டர் பருப்புக்கும் பிள்ளைக் கஞ்சிக்கும் நல்லது. அதைச் சோற்றுக்கு நம்பி வாங்க வேண்டாம்.

கடலுக்குப் போகிற வீட்டுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் 61 நாளும் மூன்று வேளையும் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். தலையை எண்ணும்போது அவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

ரைஸ் குக்கரில் லிட்டருக்கு அர்த்தமே வேறு. எங்களிடம் உள்ளவற்றில் அது போடுகிற அரிசியின் அளவு, பானை அதைவிடப் பெரியது. அதனால் 1.8 லிட்டர் ரைஸ் குக்கரைப் பார்த்து, "இது 2 லிட்டர் குக்கரைவிடச் சின்னது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதில் ஒரு கிலோ பச்சரிசி வரை வேகும். புழுங்கல் என்றால் முக்கால் கிலோவோடு நிறுத்துங்கள், பொங்கி வழியாது. நான்கைந்து பேருக்குத் தாராளம். 1 லிட்டர் இரண்டு பேருக்கு, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும் வசதி.

உப்புத் தண்ணீர் புழங்கும் வீடாக இருந்தால், அலுமினியத்தை விட்டு எவர்சில்வரில் எடுங்கள். விலை கூடத்தான், ஆனால் அரிக்காமல் நாள்பட உழைக்கும்.

இன்னும் சந்தேகமா? வீட்டில் அரிசி அளக்கும் டம்ளரைக் கையோடு கொண்டு வாருங்கள். கடையிலேயே தண்ணீர் ஊற்றி அளந்து காட்டுகிறோம்.