எல்லை, தொடர்ச்சித் தேர்வு: உன் விடைத்தாளோடு ஒரு குறிப்பு

மக்ளே,

25-க்கு 10. மார்க்கைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. போன இடம் எல்லாம் இரண்டே தப்புதான்: அடிக்கக் கூடாததை அடித்தது, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பியது.

முதல் இரண்டுக்கும் முழு மார்க். ஆனால் 2-இல் எல்லை 4 என்று முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே "ஆகவே (x² − 4)/(x − 2) என்பது x = 2-இல் தொடர்ச்சியானது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாய். 2-ஐப் போட்டுப் பார், 0/0. f(2) என்று ஒன்றே இல்லாதபோது தொடர்ச்சி எங்கிருந்து வரும்? கேட்கவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

3-க்கு வருவோம்.

lim (x→3) (x² − 9)/(x² − 5x + 6)

மேலே ஒரு x², கீழே ஒரு x². இரண்டுக்கும் குறுக்கே நீ இழுத்த கோடு தாளின் பின்பக்கம் வரை பதிந்திருக்கிறது, அவ்வளவு தைரியம்! மிச்சம் −9/(−5x + 6), விடை 1. அப்படியானால் (10 + 3)/(10 + 6)-இல் 10-ஐ அடித்தால் 13/16 என்பது 3/6 ஆகிவிடும். பெருக்கலில் நிற்கிற காரணியைத்தான் அடிக்கலாம், கூட்டல் கழித்தலில் நிற்பதை அல்ல. காரணிப்படுத்து:

(x − 3)(x + 3) / [(x − 3)(x − 2)]

இப்போது x − 3-ஐ அடிக்கலாம். x, 3-ஐ நெருங்குகிறதே தவிர 3 ஆகவில்லை, அதனால் x − 3 பூச்சியம் இல்லை. இந்தக் காரணத்தையும் ஒரு வரி எழுது. விடை 6. சந்தேகம் இருந்தால் x = 3.01 போட்டுப் பார், 5.95 வரும். 1-க்குப் பக்கத்தில்கூட வராது.

4-ஆவதில் (tan x − sin x)/x³. இதில் அடித்தது கண்ணுக்கே தெரியவில்லை, அதனால்தான் இது பொல்லாத தப்பு. "x→0 எனில் tan x = x, sin x = x" என்று எழுதி, x − x = 0 ஆக்கி, விடை 0 என்றாய். tan x/x, sin x/x இரண்டும் 1-ஐ நெருங்கும் என்பது சரிதான். ஆனால் கழிக்கும்போது மிஞ்சுகிற அந்தத் துளிதான் இங்கே கணக்கே. கீழே இருக்கிற x³-உம் அதே அளவு துளிதானே! tan x (1 − cos x) என்று பிரி:

(tan x / x) · (1 − cos x)/x² → 1 · 1/2 = 1/2

கால்குலேட்டரை ரேடியனில் வைத்து x = 0.1 போடு. 0.501 காட்டும்.

5-ஆவது |x − 2|/(x − 2), x→2. மட்டுக்குறியை வெறும் அடைப்புக்குறி மாதிரி நினைத்து அடித்து, 1 என்று முடித்துவிட்டாய். வலப்பக்கம் 1 சரி. இடப்பக்கம் x − 2 குறை எண், அதனால் |x − 2| = −(x − 2), எல்லை −1. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்திருப்பாய் அல்லவா? பறளியாற்றுக்கு மேலே இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுக்குத் தண்ணீர் போகிற தொட்டி. நடுவில் ஓரிடத்தில் இந்தப் பக்கத்துத் தொட்டி ஒரு மட்டத்திலும் அந்தப் பக்கத்தது வேறு மட்டத்திலும் நின்றால் தண்ணீர் ஆற்றில்தான் விழும். அதைப் பார்க்க இரண்டு பக்கமும் நடந்தாக வேண்டும். இங்கே எல்லை இல்லை.

6-க்கு நானே முதலில் டிக் போட்டுவிட்டேன், அப்புறம்தான் உறைத்தது. √(1 − cos 2x)/x, x→0. 1 − cos 2x = 2 sin² x வரை அழகு, அதற்குத்தான் 2 மார்க். அடுத்த வரியில் √(sin² x) = sin x என்றாய். அது |sin x|. வேடம் மாறி வந்த 5-ஆவது கணக்கு இது: வலப்பக்கம் √2, இடப்பக்கம் −√2, எல்லை இல்லை. வர்க்கமூலத்துக்குள் வர்க்கம் வந்தால் உடனே மட்டுக்குறி போட்டுவிடு.

7-இல் விடை சரி, மார்க் 5-க்கு 3. x < 1 எனில் x² + 1, x ≥ 1 எனில் 3x − 1. f(1) = 2, வலப்பக்க எல்லை 2, "தொடர்ச்சியானது". இடப்பக்கம் எங்கே? அங்கேயும் 2 வந்தது உன் அதிர்ஷ்டம். மேல் வரி x² + 3 ஆக இருந்திருந்தால் 4 வந்திருக்கும், நீ அதே விடையைத்தான் எழுதியிருப்பாய்.

3, 4, 6 மூன்றையும் திரும்பப் போட்டு சனிக்கிழமை டியூஷனுக்குக் கொண்டு வா. 7-க்கு அந்த x² + 3 மாற்றத்தோடு ஒரு படமும் வரைந்து, x = 1-இல் எது திறந்த வட்டம், எது நிரப்பிய வட்டம் என்று காட்டு. பென்சிலில் போதும்.