கண்ணாடிக் கவுண்டர், ஷட்டர்: தினமும் துடைப்பது பற்றி

தம்பிமார், தங்கச்சிமார் எல்லோருக்கும்,

போன ஞாயிறு தோட்டச் சம்பளக் கூட்டத்தில் ஒரு அம்மா கவுண்டருக்கு முன்னால் குனிந்து நின்று, "உள்ள என்னாப்பா இருக்கு?" என்று கேட்டார். லட்டு, தொதல், கேக் எல்லாம் நிறையத்தான் இருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்து, அதற்கு மேல் சின்னப் பிள்ளைகளின் நெய்க் கையும் பட்டு, சாமானே தெரியவில்லை. வாயால் சொன்னால் ஒருவர் கேட்கிறார், மற்றவர் அன்றைக்கு லீவு. அதனால் எழுதி கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன்.

நம் ஹட்டன் குளிரில் ஈரத் துணியைவிட உலர்ந்த துணிதான் முக்கியம். துடைத்த ஈரம் தானாகக் காயும் என்று விட்டால் கண்ணாடியில் கோடு விழும், ஷட்டரில் துரு பிடிக்கும். இரண்டு துணி இல்லாமல் யாரும் வேலையைத் தொடங்க வேண்டாம்.

காலையில் சாமான் அடுக்குவதற்கு முன் கவுண்டரைத் துடையுங்கள். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் சீனி, தூளெல்லாம் தட்டி எடுங்கள். சீனி மணியோடு தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும், பிறகு அது போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டால் போதும். துணியை நன்றாகப் பிழிந்து மேலிருந்து கீழாகத் துடையுங்கள், ஈரம் இருக்கும்போதே உலர்ந்த துணியைப் போடுங்கள். ஸ்ப்ரே அடிப்பதென்றால் துணியில் அடியுங்கள். கண்ணாடியில் அடித்தால் சாமானில் தெறிக்கும். உள்பக்கத்துக்கு வெறும் சுடுதண்ணீர் போதும், கேக்கில் சவர்க்கார வாசம் வரக்கூடாது. பழைய பேப்பர் வேண்டாம். மை கையில் ஒட்டி, கையிலிருந்து கேக் பெட்டிக்குப் போகிறது.

தள்ளும் கண்ணாடி ஓடுகிற கீழ்க் காடியை யாரும் பார்ப்பதில்லை. எறும்பு வருவது அங்கிருந்துதான். பழைய டூத்பிரஷ்ஷால் தினமும் ஒரு தடவை இழுத்து எடுங்கள்.

ஆவிக்குக் காரணம் நாம்தான். அடுப்பிலிருந்து இறக்கிய ரோல்ஸையும் பணிஸையும் சூட்டோடு உள்ளே வைத்தால், அந்தச் சூட்டு ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகும். தட்டில் ஆறவிட்டு அடுக்குங்கள். தேத்தண்ணி கேத்தலையும் கவுண்டர் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். பல்ப் எரியும் கட்லட் பெட்டியை மட்டும் சூடாக இருக்கும்போது ஈரத் துணியால் தொடாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். ப்ளக்கைக் கழற்றி, கை வைக்கிற அளவுக்கு ஆறிய பிறகு துடையுங்கள்.

வெளிக் கண்ணாடியைப் பகலிலும் ஒரு தடவை துடைக்க வேண்டும். ஒன்றரைக்கு ஸ்கூல் விட்டு, பிள்ளைகள் கூட்டம் கலைந்த பிறகு செய்தால் சரி. அப்புறம் இரவு பூட்டும் முன்.

இனி ஷட்டர். இரவெல்லாம் பனி இறங்கி, காலையில் வெளிப்பக்கம் நனைந்திருக்கும். அப்படியே மேலே சுருட்டிவிட்டால் ஈரம் சுருளுக்குள் அடைபட்டு உள்ளே துரு ஏறும். துடைத்த பிறகுதான் தூக்க வேண்டும், பக்கக் கதவால் வெளியே போய்த் துடையுங்கள். மழைக்காலத்தில் பஸ் அடித்துவிட்டுப் போகும் சேறு முழங்கால் உயரம் வரை இருக்கும். அதைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுங்கள். காய்ந்த சேற்றைத் தேய்த்தால் பெயின்ட் போகும். கக்கூஸ் கழுவும் அசிட், குளோரின், கம்பிச் சுருள் எதுவும் ஷட்டர் பக்கம் வரக்கூடாது. யாராவது போஸ்டர் ஒட்டியிருந்தால் கத்தி எடுக்காதீர்கள், சுடுதண்ணீர்த் துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்தால் உரிந்து வரும்.

இரண்டு பக்கக் காடியிலும் மண் சேரும். டூத்பிரஷ்ஷால் தட்டுங்கள். சமையல் எண்ணெயோ கிரீஸோ பூசினால் அன்றைக்கு லேசாக ஓடும், அடுத்த வாரம் தூசி ஒட்டிச் சிக்கும். சிலிக்கன் ஸ்ப்ரே லாச்சிக்குள் இருக்கிறது, சனிக்கிழமை மட்டும் அடித்தால் போதும். பூட்டுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய்.

தூக்கும்போதும் இறக்கும்போதும் நடுவில் இரண்டு கையாலும் பிடியுங்கள். தகட்டு இடுக்கில் விரல் வைக்காதீர்கள். இறுகினால் தொங்கி இழுக்க வேண்டாம், மேலே ஸ்பிரிங் இருக்கும் பக்கம் கை போடவும் வேண்டாம். எனக்கு ஃபோன் பண்ணுங்கள், ஆள் கூப்பிடுகிறேன்.

வெள்ளைத் துணி கண்ணாடிக்கு, நீலத் துணி ஷட்டருக்கு. மாற்றினால் ஷட்டர் மண் கண்ணாடியைக் கீறும். இரவு பூட்டுபவர் எல்லாத் துணியையும் அலசி, அடுப்படிக்குள் இருக்கும் கயிற்றில் போடுங்கள். வெளியே போட்டால் காலைக்குள் காயாது.

– முதலாளி