றைற் போ! (நல்லூரிலை இருந்து நுவரெலியா மட்டும்)

எங்கட பற்ச் பயணத்துக்கு எழுதின பாட்டு. பைலா மெட்டு. டோல்கி கிடைக்காட்டில் இருபது லீற்றர் தண்ணிக் கானைக் கவிட்டுத் தட்டலாம், சத்தம் இன்னும் திறம். கோட்டுக்கு அங்காலை இருக்கிறது எல்லாரும் கத்துறது. கம்பஸிலை ஒருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை, ஊர் சொல்லித்தான் கூப்பிட்டனாங்கள். அதாலை ஆற்றை ஊர் வருதோ அவர் எழும்பி நிண்டு பாடவேணும். ரைவர் அண்ணை பாடலாம், கை தட்டக்கூடாது.

பல்லவி

ஓடு ஓடு பஸ்ஸே ஓடு — றைற் போ!
ஊரைத் தாண்டி மலையைத் தேடு — றைற் போ!
பாடு பாடு மச்சான் பாடு — ஓ... ஓய்!
பக்கத்துச் சீற்றும் சேர்ந்து பாடு — ஓ... ஓய்!
நுவரெலியாக் குளிர் வரும் மட்டும்
நித்திரை கொண்டால் தலையிலை குட்டு — டொக் டொக்!

நல்லூர்

நாலரைக்கு வெளிக்கிடுறம் எண்டு சொன்னது ஆரு? — நீதான்!
நாலே முக்கால் ஆச்சு, இன்னும் நாலு சீற்று வெறும் சீற்று — பார் பார்!
கோண்டாவிலார் குளிக்கிறாராம், கோல் எடுத்துப் பாரு — எடுக்கான்!
கொக்குவிலார் றோல்ஸ் பெட்டியோடை குதிச்சு வந்து சேர்ந்தார் — வாழ்க!
கண்ணாடிக்கு மல்லிகை மாலை, சில்லுக்குத் தேசிக்காய் — நசி நசி!
நல்லூரானே, நாப்பது பேரும் நல்லபடி போய்ச் சேர — அரோகரா!

(பல்லவி ஒருக்கால். செம்மணி வளைவு வரேக்கை பாட்டை நிப்பாட்டிறம், தட்டும் இல்லை. நாவற்குழிப் பாலம் ஏறின பிறகு தொடங்கிறம்.)

தென்மராட்சி

பாலத்தாலை பஸ் ஏறப் பக்கத்தாலை சோளகம் — ஊய்ய்!
பவுடர் போட்டு வந்த முகம் பாதி வழியிலை காணேல்லை — ஊய்ய்!

சாவகச்சேரி எங்கை? — இஞ்சை!
சட்டிக்குள்ளை என்ன? — பலாச்சுளை!
கையிலை என்ன பூசினனி? — தேங்காயெண்ணெய்!
சீற்றிலை என்ன ஒட்டினனி? — பால் பால்!

மீசாலை எங்கை? — இஞ்சை!
மடிக்குள்ளை என்ன? — கறுத்தக்கொழும்பான்!
எத்தினை பேருக்கு? — எனக்கு மட்டும்!
என்னடா கதை இது? — பறி பறி!

கொடிகாமம் எங்கை? — நித்திரை!
குட்டடா மச்சான்! — டொக் டொக்!

பளை

எழுதுமட்டுவாள் போகுது, ஏன் மச்சான் பேச்சில்லை? — பசிக்குது!
முகமாலை வருகுது, வேலியிலை சிவப்புப் போட் — கால் வைக்காதை!
தலை போன பனை நிக்குது, தறிக்காமல் விட்டிருக்கு — ஓம் ஓம்!
காலடியிலை பச்சையாக் கூட்டம் கூட்டமா வடலி — வளருது வளருது!
தென்னந்தோப்புக்கு அங்காலை பெரிய பெரிய காத்தாடி — சுத்துது சுத்துது!
பளையாரே, உங்கட ஊரிலை இளநி என்ன விலை? — சும்மா சும்மா!
ரைவர் அண்ணை கேட்டிட்டார், பிறேக்கிலை காலை வைச்சிட்டார் — வெட்டு வெட்டு!

ஆனையிறவு

இந்தப் பக்கம் தண்ணி — அந்தப் பக்கமும் தண்ணி!
நடுவாலை தார் றோட்டு — அதிலை எங்கட கூத்து!
ஆனை எங்கை? — காணேல்லை!
உப்பு எங்கை? — குவியல் குவியல்!
நக்கிப் பார்த்தவர் ஆர்? — சொல்லமாட்டம்!

பக்கத்திலை தண்டவாளம், பார் கோச்சி வருகுது — கூ!
1956 இலை யாழ்தேவி ஓடத் தொடங்கினாள் — கூ!
1990 இலை நிண்டுபோனாள் —
(இதுக்கு ஒருத்தரும் கத்துறேல்லை. ஒரு தட்டு விடுங்கோ.)
தண்டவாளம் பங்கருக்கு, சிலிப்பர்க் கட்டை பங்கருக்கு — ஐயோ!
ரிக்கெற் எண்டால் என்னெண்டு கேட்டு வளர்ந்த பொடியள் நாங்கள் — ஐயோ!
2014 ஐப்பசியிலை யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தாள் — கூ கூ கூ!
கோச்சியை முந்துங்கோ அண்ணை — முந்து முந்து!
முன்னாலை பொலிஸ் நிக்குதண்ணை — மெள்ள மெள்ள!

(பல்லவி. இந்த இடத்திலை எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடுவினம், பஸ் சரியும். அரைவாசிப் பேர் வலப்பக்கத்திலை இருந்து பாடுங்கோ.)

முறிகண்டி

பரந்தன் போச்சு, கிளிநொச்சி போச்சு — போச்சு போச்சு!
இரணைமடு வாய்க்கால் தண்ணி வயலுக்குப் போச்சு — போச்சு போச்சு!
முறிகண்டி வந்தால் மட்டும் — நிப்பாட்டு!
லொறியும் நிக்குது, லக்சறியும் நிக்குது — நிப்பாட்டு!
கடவுள் இல்லை எண்டவனும் கச்சானுக்கு இறங்கிறான் — பார் பார்!
சின்னக் கோயில் பிள்ளையாரே, பெரிய றோட்டுக் காவலாரே — எங்களையும் பாரும்!
தேங்காய் ஒண்டு தாங்கோ — டமார்!
சிதறினதிலை பாதி எங்கை? — வாய்க்குள்ளை!

கச்சான் ஆச்சி, கச்சான் ஆச்சி — சுடச்சுட!
பேப்பர்ச் சுருளைத் தொட்டால் கை — சுடச்சுட!
மணலிலை வறுத்த மணம், விரலிலை கறுத்த மாவு — சுடச்சுட!
கோதை நசி — டக்!
தோலை ஊது — பூ!
ஒரு பருப்பு எனக்கு — தரமாட்டன்!
கோதெல்லாம் எங்கை போட்டனி? — சீற்றுக்குக் கீழை!
கிளீனர் தம்பி கண்டிட்டான் — பொறுக்கு பொறுக்கு!

ஓமந்தை

(மெள்ள. தட்டு வேண்டாம். ஆர் பாடினாலும் சரி.)

மாங்குளக் காட்டுக்குள்ளாலை மயிலொண்டு குறுக்காலை போகுது
புளியங்குளம் தாண்டினால் என்ன வரும் தெரியுமோ — தெரியும்
அம்மான்ரை கையைப் பிடிச்சு வெய்யிலிலை வரிசையிலை நிண்டனான் — நானும்
பையைத் திற எண்டினம், சோத்துப் பார்சலையும் திற எண்டினம் — ஓம்
2002 இலை றோட்டைத் திறந்தினம், 2006 இலை பூட்டினம் — ஓம்
2009 இலை சண்டை முடிஞ்சும் கனகாலம் இறங்கி ஏறினம் — ஓம்
அதிலை நிண்டு அழுத தம்பி இப்ப ஆறடி, பின் சீற்றிலை — ஓம், நான்தான்!
(தட்டுத் தொடங்குது)
இண்டைக்கு இந்த இடத்திலை அண்ணை கியரும் மாத்தேல்லை — றைற் போ!
கியரும் மாத்தேல்லை, கண்ணும் சிமிட்டேல்லை — றைற் போ! றைற் போ!

வவுனியா

வவுனியாவார் வீட்டு வாசலிலை அம்மா நிக்கிறா — அம்மா!
"ஏனடா இவ்வளவு பிந்தினியள்" எண்டு பேச்சு விடுகிறா — அம்மா!
வாழையிலைப் பார்சல் வருகுது, வாங்கி வாங்கிக் கைமாத்து — இஞ்சை இஞ்சை!
வாட்டின இலையைப் பிரிச்சால் ஆவி முகத்திலை அடிக்குது — ஆஹா!
குழல் புட்டு உதிருது — ஆஹா!
கட்டைச் சம்பல் சிவக்குது — உறைக்குது!
முட்டைப் பொரியல் எங்கை? — புட்டுக்குக் கீழை!
அம்மா, இன்னுமொண்டு இருக்கோ? — அடேய் அடேய்!

(மற்ற ஊர்க்காரர் மன்னிக்கவேணும், வவுனியாவுக்குத்தான் கூடக் கைதட்டு. சாப்பாடு போட்டது அவையள்.)

தம்புள்ளை மட்டும்

மதவாச்சி — கொர்ர்!
மிகிந்தலை — கொர்ர்!
கெக்கிராவை — கொர்ர்!
குட்டுறவனே நித்திரை! — கொர்ர் கொர்ர்!

தம்புள்ளை தம்புள்ளை — எழும்பு எழும்பு!
மலையடியிலை தங்கப் புத்தர் — பார் பார்!
சந்தையிலை லொறி லொறியா மரக்கறி — பார் பார்!
எங்கட ஊர்ச் சின்ன வெங்காயம் எங்களுக்கு முதல் வந்திட்டுது — அட அட!

தேத்தண்ணிக் கடைக்குப் போவம், சிங்களம் ஆருக்குத் தெரியும்? — திருகோணமலை!
திருகோணமலை நெஞ்சை நிமித்தி என்ன கேட்டவர்? — பிளேன்ரீ தெகக் தென்ன!
இன்னொருக்கால் கேளுங்கோ — பிளேன்ரீ தெகக் தென்ன!
முதலாளி என்ன சொன்னவர்? — "தம்பி, சீனி போடவா?"

கண்டி றோட்டு

மாத்தளை வந்தால் மூக்கைத் திற — கராம்பு! கறுவா!
மாரியம்மன் கோபுரம் தெரியுது — தாயே!
அக்குறணை நெரிசலுக்குள்ளை ஆமை வேகம் — கோண் அடி!
பாம் பாம் — பாம் பாம்!

எங்கட வீட்டுக்கு முன்னாலை போற றோட்டுக்கு என்ன பேர்? — கண்டி றோட்டு!
பள்ளிக்கூடம் போனது எந்த றோட்டாலை? — கண்டி றோட்டு!
சைக்கிள் கழுத்து முறிஞ்சது எந்த றோட்டிலை? — கண்டி றோட்டு!
கண்டியைக் கண்டவர் எத்தினை பேர்? — இப்பதான்! இப்பதான்!

புசல்லாவை

(இங்க இருந்து நம்ம ஆளு பாடுவாரு. புசல்லாவையார் எழும்பி முன் சீற்றுக்கு வாங்கோ. அவர் பாடுற மாதிரியே கத்தவேணும், யாழ்ப்பாணத் தமிழ் கலக்கக்கூடாது.)

கம்பளை தாண்டிப்புட்டா காத்து மாறும் பாருங்க — அடடா!
எடது பக்கம் பள்ளமுங்க, எட்டிப் பாக்காதீங்க — ஆத்தாடி!
பச்சப் பாய விரிச்சாப்புல மலையெல்லாம் தேயில — அடடா!
அழகா இருக்குன்னு போட்டோ புடிக்கிறீங்களே — ஆமாங்க!
அதுக்குள்ள நிக்கிறது எங்கம்மா, கொஞ்சம் கையக் காட்டுங்க — அம்மா!

வெடியக்காத்தால பெரட்டு — வந்துட்டோம்!
கொழுந்து கொறஞ்சுபோனா என்னா? — அரைப் பேரு, அரைநாள் சம்பளம்!
அட்டை கடிச்சா என்னா? — அரைப் பேரு!
மழை அடிச்சு ஊத்துனா என்னா? — அரைப் பேரு!
முழு மலையையும் பறிச்சவளுக்கு என்னாங்கடா அரைப் பேரு? — ஓஹோ!

மன்னாருல கப்பல் எறங்கி காட்டு வழி நடந்து — நடந்து நடந்து!
நாம பஸ்ஸுல வந்தமே அந்த மாத்தளைக்கு நடந்து — நடந்து நடந்து!
காப்பி போச்சு, தேயில வந்துச்சு, லயம் மட்டும் அப்படியே — அப்படியே!
1948 ல குடியுரிமையப் பறிச்சாங்க — அநியாயம்!
எங்க தாத்தா எந்த நாட்டுக்காரரு? — இந்த மண்ணு!
எங்க பாட்டி எந்த நாட்டுக்காரி? — இந்த மண்ணு!
யாழ்ப்பாணத்துக்காரங்களே, இன்னும் சத்தமா — இந்த மண்ணு! இந்த மண்ணு!

(புசல்லாவையார் இதுக்குப் பிறகும் விட்டால் பாடிக்கொண்டே இருப்பார். விடுங்கோ, பாடட்டும். றம்பொடை வந்தால் தானா நிக்கும்.)

றம்பொடை

சுரங்கம் வருது, சுரங்கம் வருது — மூச்சைப் பிடி!
உள்ளுக்கை போட்டம் —
ஊஊஊஊஊஊஊஊஊஊ!
(வெளியிலை வெளிச்சம் காணும் மட்டும் விடக்கூடாது. முதல் மூச்சு விட்டவர் பின்னேரத் தேத்தண்ணிக்குக் காசு.)
ஆர் விட்டது? — பளை! பளை!

அருவி பார் அருவி பார் — வெள்ளை வெள்ளை!
வளைவு பார் வளைவு பார் — வயித்தைப் பிரட்டுது!
முன் சீற்று அக்கா — பை தாங்கோ!
பின் சீற்று அண்ணா — பை தாங்கோ!
புட்டுத் திண்டவை எல்லாம் — பை தாங்கோ!

லபுக்கலைத் தோட்டத்துக்கு மேலை புகார் இறங்குது — ஊய்ய்!
கண்ணாடிக்கு வெளியாலை ஒண்டுமே தெரியேல்லை — ஊய்ய்!
வெய்யிலிலை வெந்த நாட்டாள், வேர்வை துடைக்கிற துவாயாலை — இப்ப என்ன?
காது கட்டு! கழுத்துக் கட்டு! — கட்டு கட்டு!
எத்தினை சுவெற்றர் கொண்டந்தனி? — ஒண்டு!
எத்தினை பேர் போடப்போறியள்? — மூண்டு!

கடைசிப் பல்லவி

(பல்லு அடிபட அடிபடப் பாடுறது.)

ஓ-ஓ-ஓடு ப-ப-பஸ்ஸே — றைற் போ-போ-போ!
கு-கு-குளிருது கு-கு-குமாரா — அரோ-ரோ-ரோகரா!
பா-பா-பாடு ம-ம-மச்சான் — ஓ... ஓய்!
நுவரெலியா வந்தாச்சு, நாப்பது பேரும் எழும்பு — டொக் டொக்!

நுவரெலியா இறக்கம்! — இறங்கமாட்டம்!
கிளீனர் தம்பி, கதவைத் திற! — பூட்டு பூட்டு!
ரைவர் அண்ணை என்ன சொல்லுறார்? — இறங்குங்கோடா!
இறங்கினால் என்ன தருவார்? — பிளேன்ரீ! பிளேன்ரீ!
எத்தினை? — நாப்பது! நாப்பது!
காசு ஆர்? — பளை! பளை! பளை!